‘புரியல’னு மட்டும் கமென்ட் போடாதீங்க!

சக ஊழியர் அனுப்பிய டிராஃப்ட் ரிப்போர்ட்டில் ‘தெளிவா இல்ல’னு கமென்ட் போட்டா, எதை மாத்தணும்னு அவருக்குத் தெரியாது. இடம், சிக்கல், தீர்வு மூணையும் எழுதுங்க.

உதாரணமா, ‘விற்பனை கணிசமாகக் குறைந்தது’ என்ற வரியை மட்டும் செலக்ட் பண்ணி இப்படி எழுதலாம்: ‘எவ்வளவு குறைஞ்சதுனு மேனேஜர் கேட்பார். அட்டவணை 2-ல இருக்கும் 12 சதவிகிதத்தை இங்கேயும் சேர்க்கலாமா?’ இங்கே கேள்வி வரியைப் பற்றித்தான், எழுதியவரைப் பற்றி இல்லை.

கமென்ட்டின் தொடக்கத்தில் ‘கட்டாயம்’ அல்லது ‘விருப்பம்’ எனக் குறிச்சிட்டா, எதை முதல்ல திருத்தணும்னு அவருக்குப் புரியும். எழுத்துப்பிழைக்கு கமென்ட் வேண்டாம். கூகுள் டாக்ஸில் ‘Suggesting’ மோடில் நீங்களே திருத்திடுங்க. அவர் ஏத்துக்கிட்டா போதும்.

அனுப்பும் முன் ஒரு சோதனை: உங்களுக்கு போன் பண்ணிக் கேட்காம அவரால திருத்த முடியுமா? முடியாதுனா, கமென்ட்டை மாத்தி எழுதுங்க.