தனிப்பெயரில் உள்ள அலுவலகச் சந்தாக்களும் பணிவிலகலும்

அலுவலகத்துக்குத் தேவையான இணையச் சேவைகளின் சந்தா, நிறுவனத்தின் பெயரில் அல்லாமல் ஊழியர் ஒருவரின் சொந்த வங்கி அட்டையிலோ சொந்த மின்னஞ்சல் முகவரியிலோ பதிவாகியிருப்பது சிறு நிறுவனங்களில் பரவலாகக் காணப்படும் வழக்கம். அவர் வேலையை விட்டு விலகும்போது இதனால் இருவகைச் சிக்கல்கள் எழுகின்றன. அட்டை, பணம் யாரிடமிருந்து போகிறது என்பதை மட்டுமே முடிவு செய்கிறது. கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பு மின்னஞ்சலுக்கே வருவதால், கணக்கு யாருடைய கையில் இருக்கிறது என்பதை முடிவு செய்வது மின்னஞ்சலே.

இந்தியாவில் அட்டையிலிருந்து தவணைதோறும் தானாகப் பணம் எடுக்க வாடிக்கையாளர் தரும் முன் அனுமதி 'இ-மேன்டேட்' எனப்படுகிறது. 2021 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி, பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக அட்டைதாரருக்கு அறிவிப்பு வர வேண்டும். பொதுவான சந்தாக்களில், 2022இல் உயர்த்தப்பட்ட 15,000 ரூபாய் வரம்பைத் தாண்டும் தவணைக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி தேவைப்படுகிறது. அந்த ஓடிபி விலகியவரின் கைபேசிக்கே போவதால் பெரிய தவணை தடைபட்டுச் சேவை நின்றுபோகலாம். சிறிய தவணையோ அவருடைய அட்டையிலிருந்து தொடர்ந்து போய்க்கொண்டிருக்கலாம்.

எடுத்துக்காட்டாக, பொறியாளர் ஒருவர் நிறுவனத்தின் .com இணையப் பெயரையும் மாதம் 18,000 ரூபாய்க்கான சர்வரையும் தம் பெயரில் வாங்கியிருக்கிறார் எனக் கொள்வோம். ஆண்டுச் சந்தா ஆண்டுக்கு ஒருமுறையே தென்படும் என்பதால், அவர் முதலில் 13 மாத அட்டை அறிக்கையைப் புரட்டிப் பட்டியல் எடுக்க வேண்டும். பின்னர் அலுவலகப் பொது மின்னஞ்சலைக் கணக்கின் முதன்மை முகவரியாக மாற்றி, அதன்பின் இருபடிச் சரிபார்ப்புக்கான கைபேசியையும், இறுதியாக அட்டையையும் மாற்றுவதே பாதுகாப்பான வரிசை. நிறுவனத்தின் அட்டை ஏறுமுன் பழைய அட்டையை முடக்கினால் இணையப் பெயர் காலாவதியாகக்கூடும். பதிவு நிறுவனம் அதை நீக்கியபின் அதிகக் கட்டணம் கட்டி மீட்க 30 நாளும், அடுத்து 5 நாள் காத்திருப்பும் உண்டு; அதற்குப் பின் அந்தப் பெயரை எவரும் வாங்கலாம்.

முன்கூட்டிக் கட்டிய தொகைக்கான ரசீதுகளை, நிலுவைக் கணக்கு முடிக்கப்படுமுன் ஊழியர் ஒப்படைப்பது நல்லது. ரசீதில் நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண் இல்லையென்றால் உள்ளீட்டு வரி வரவைக் கோருவது நிறுவனத்துக்குக் கடினமாகிறது. கணக்கு தம் பெயரில் இருக்கிறது என்பதற்காக ஊழியர் அதிலுள்ள அலுவலகத் தரவை அழிப்பது, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவின்கீழ் இழப்பீட்டுக் கோரிக்கைக்கு இடமளிக்கலாம். விலகியவரின் கைபேசியோ மின்னஞ்சலோ இல்லாமல் நிறுவனமே கடவுச்சொல்லை ஒருமுறை மாற்றிப் பார்த்து, அது முடிந்தால்தான் ஒப்படைப்பு நிறைவுற்றதாகக் கொள்ள வேண்டும்.