உழைப்பின் விலையும் பராமரிப்பின் காலமும்: சுயதொழிலாளரின் விபத்து இழப்பீட்டுக் கணக்கு குறித்து ஓர் ஆய்வு

சாலை விபத்தில் கொடுங்காயமுற்றுத் தம் ஜீவனோபாயத்தை இழந்த ஒருவர், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவின்கீழ் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை நாடும்போது, அவருக்கு நியாயமான தொகையை நிர்ணயிக்குமாறு 168ஆம் பிரிவு அத்தீர்ப்பாயத்தைப் பணிக்கின்றது. மாதச் சம்பளக்காரராயின் அந்த நியாயத்திற்குச் சம்பளச் சீட்டே முதற் பிரமாணமாகும். தமக்குத் தாமே முதலாளியாகவும் கூலியாளாகவும் இருந்தவருக்கோ, அவருடைய வருமானத்தில் எவ்வளவு கையுழைப்பின் பலன், எவ்வளவு போட்ட முதலின் பலன் என்று பிரித்தறிவதிலிருந்தே சிக்கல் தொடங்குகின்றது. அச்சிக்கலைத் தீர்த்த பின்னரும், வருமான இழப்புக்கென வகுத்த காலக்கணக்கை அப்படியே பராமரிப்புச் செலவுக்கும் பொருத்துவதனால் வேறொரு பிழை புகுந்துவிடுகின்றது. வருமானக் கணக்கில் ஊதிய உயர்வுக்கு இடமளிக்கும் நம் நீதிமுறை, பராமரிப்பும் ஒருவருடைய ஊதியமே என்பதை மறந்து, அங்கே அவ்வுயர்வை விட்டுவிடுவது முரண்பாடு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஆராய்ச்சிக்கு எளிதாகக் கற்பனையான ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு வயது 38. சொந்த ஆட்டோ ஓட்டிப் பிழைத்தவர். லாரி மோதித் தண்டுவடம் அறுபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் அற்று, சிறுநீரை அடக்கும் ஆற்றலையும் இழந்தவர். கீழே வரும் தொகைகள் கணக்கின் போக்கைக் காட்டுவதற்காக நாம் வைத்துக்கொண்டவை. பெருக்கெண்களும் விழுக்காடுகளும் உச்சநீதிமன்றம் வகுத்தவை.

1. வருமானம் என்பது யாது?

அவருடைய நாள் வசூல் சராசரி 1,400 ரூபாய்; மாதம் 25 நாள் ஓட்டினால் 35,000 ரூபாய். எரிபொருளுக்கு 10,000, பழுது, டயர், இன்சூரன்ஸ், பர்மிட், எஃப்.சி. ஆகியவற்றின் மாதப் பங்காக 3,000, வண்டியின் தேய்மானம் 2,000, கடன் வட்டி 1,000 என 16,000 ரூபாயைக் கழித்தால் நிகர வருமானம் 19,000 ரூபாயாகும். இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். தவணைத் தொகையில் வட்டி மட்டுமே செலவு. அசலாகச் செலுத்துவது அவருடைய சொத்தாகவே திரும்புகின்றது. ஆதலின் முழுத் தவணையையும் செலவென்று கழித்து வருமானத்தைக் குறைத்துக் காட்டும் எதிர்த்தரப்பின் கணக்கும், வசூல் முழுவதையும் வருமானமென்று சொல்லும் மனுதாரரின் கணக்கும் ஒருங்கே தவறானவை.

அடுத்து எழும் கேள்வி இதனினும் நுட்பமானது. வண்டி இன்னும் இருக்கின்றது. அதை நாள் வாடகைக்கு வேறொருவரிடம் விடலாம். நாளொன்றுக்கு 300 ரூபாய் வீதம் மாதம் 7,500 ரூபாய் வருமே, அதைக் கழிக்க வேண்டாமா என்று இன்சூரன்ஸ் கம்பெனியின் வழக்கறிஞர் கேட்பார். கேள்வியில் நியாயம் உண்டு. விவசாயி ஒருவர் இறந்த வழக்கில், நிலம் வாரிசுகளிடம் எஞ்சியிருப்பதால், நிலத்தின் முழு வருமானத்தையும் இழப்பாகக் கொள்ளலாகாதென்றும், அவருடைய மேற்பார்வையும் உழைப்பும் போனதே இழப்பென்றும் உச்சநீதிமன்றம் 2003இல் கூறியது. அந்நெறி வண்டிக்கும் பொருந்தும். ஆனால் வாடகைக்கு விட்ட வண்டியின் பழுது, தேய்மானம், வட்டி ஆகிய 6,000 ரூபாய்ச் சுமை உரிமையாளர் தலையிலேயே நிற்பதால், அவர் கையில் மிஞ்சுவது 1,500 ரூபாய்தான். எனவே உழைப்பின் பலனாகக் கொள்ளத்தக்கது 17,500 ரூபாய். 7,500 ரூபாயையும் கழித்து 11,500 என்று முடிப்பவர், முன்னரே ஒருமுறை கழித்த செலவுகளை மறுமுறையும் கழித்தவராகின்றார்.

இவற்றை மெய்ப்பிக்கும் சாட்சியம் பெரும்பாலும் சிதறிக் கிடக்கும்: ஆர்.சி. புத்தகம், பேட்ஜ், பர்மிட், வங்கிக் கணக்கில் வரும் சிறுசிறு வரவுகள், தவணை ரசீதுகள், அதே ஸ்டாண்டில் ஓட்டும் மற்றோர் ஓட்டுநரின் வாக்குமூலம். வருமானவரிக் கணக்குத் தாக்கல் செய்திருந்தால் அது வலுவான ஆவணமாகும்; வரியைக் குறைக்க அதில் வருமானத்தைக் குறைத்துக் காட்டியிருந்தால், அக்குறைவு இழப்பீட்டிலும் அவரையே தாக்கும். ஆவணம் யாதுமில்லையெனில் கோரிக்கை வீழ்ந்துவிடுவதன்று. கால் இழந்த காய்கறி வியாபாரி ஒருவரின் வழக்கில், 2014இல், அமைப்புசாராத் தொழிலில் உள்ளவரிடம் வருமானச் சான்றைக் கண்டிப்பாகக் கேட்பது முறையன்றெனக் கொண்டு, மாத வருமானத்தை 6,500 ரூபாயென உச்சநீதிமன்றமே அனுமானித்தது.

2. உடலின் குறையும் தொழிலின் குறையும்

மருத்துவச் சான்றிதழில் காணும் விழுக்காடு உடலைப் பற்றியது. சில வேளைகளில் ஓர் அவயவத்தை மட்டுமே பற்றியது. வருமான இழப்போ தொழிலைப் பற்றியது. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டியதே 2010ஆம் ஆண்டு ராஜ்குமார் தீர்ப்பின் சிறப்பு. இடக்கை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் அவருடைய சம்பாதிக்கும் திறன் ஏறத்தாழ முழுவதும் போய்விடலாம். அரசு அலுவலக எழுத்தராயின் அவ்வாறன்று என்பது அதில் காட்டப்பட்ட உதாரணம். காயமுற்றவர் இனி எவற்றைச் செய்ய இயலும், முன்பு செய்த தொழிலின் இயல்பு யாது, வேறெந்த ஜீவனோபாயத்திற்கேனும் தகுதி எஞ்சியுள்ளதா என்ற மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே விழுக்காடு நிர்ணயமாக வேண்டும். நம் ஓட்டுநரைப் பற்றி, உட்கார்ந்தபடி பெட்டிக்கடை நடத்தலாமே என்று சொல்லக்கூடும். நாளில் பலமுறை பிறர் உதவியோடு சிறுநீர்க் குழாய் செருகிக்கொள்ள வேண்டியவரும், படுக்கைப் புண் வாராதிருக்க அடிக்கடி புரட்டப்பட வேண்டியவருமான ஒருவருக்கு, அந்தக் கடை எங்கே, முதல் யார் தருவது, கூட இருப்பவர் யார் என்பவை சாட்சியத்தால் காட்டப்படாதவரை, அது வெறும் ஊகமே. ஆகவே இழப்பை நூறு விழுக்காடாகவே கொள்கின்றோம்.

2009ஆம் ஆண்டு சர்லா வர்மா தீர்ப்பின் அட்டவணைப்படி 36 முதல் 40 வயது வரை பெருக்கெண் 15. சுயதொழில் செய்வோர்க்கும் எதிர்கால வருமான உயர்வு உண்டென்று, 40 வயதுக்குட்பட்டவர்க்கு 40 விழுக்காடு சேர்க்குமாறு 2017இல் பிரணய் சேத்தி வழக்கில் அரசியலமைப்பு அமர்வு தீர்மானித்தது. மரண வழக்கில் பிறந்த இந்நெறி காயமுற்றோர்க்கும் உரியதென்பது, இரு கைகளின் பயனையும் இழந்த தச்சர் ஒருவரின் வழக்கில் 2018இல் நடைமுறைக்கு வந்தது. மரண வழக்கில் இறந்தவரின் சொந்தச் செலவுக்கெனச் செய்யும் கழிவு இங்கே கூடாது. உயிரோடிருப்பவர் உண்ணவும் உடுக்கவும் வேண்டுமன்றோ? எனவே 17,500 ரூபாயோடு 40 விழுக்காடு சேர 24,500, ஆண்டுக்கு 2,94,000, 15ஆல் பெருக்க 44,10,000 ரூபாய். எதிர்த்தரப்பின் 11,500 ரூபாயை ஏற்றிருந்தால் இதில் 15,12,000 ரூபாய் குறைந்திருக்கும். மாதக் கணக்கின் சிறு பிழை பெருக்கெண்ணின் வழியே எவ்வளவு பெரிதாகின்றது என்பதற்கு இதுவே சான்று.

3. பராமரிப்பின் காலம்

எதிர்கால மருத்துவச் செலவுக்குப் பின்னொரு நாள் மீண்டும் மனுச் செய்ய வழியில்லை. தீர்ப்பு ஒரே முறைதான் என்பதை உச்சநீதிமன்றம் 2002இலேயே தெளிவாக்கியது. ஆதலின் இன்றே முழுக்காலத்திற்கும் கணக்கிட வேண்டும். நெடுங்காலம் இத்தலைப்பில் ஏதோவொரு மொத்தத் தொகையை உத்தேசமாக எழுதிவிடும் வழக்கம் இருந்தது. 2020இல், விபத்தினால் முற்றிலும் பிறரைச் சார்ந்து வாழ நேர்ந்த 12 வயதுச் சிறுமியின் வழக்கில் அவ்வழக்கத்தை விலக்கி, இரு உதவியாளர்க்குத் தலா 5,000 ரூபாய் வீதம், பெருக்கெண் 18 கொண்டு, 21,60,000 ரூபாய் அளித்தது உச்சநீதிமன்றம். விலைவாசி, வட்டி, ஆயுள் ஆகிய அனைத்தையும் பெருக்கெண் முறையே தன்னுள் அடக்கியுள்ளதென்பது அதற்குச் சொன்ன காரணம்.

உத்தேசத்தைவிட முறை மேலானது, அதில் ஐயமில்லை. ஆயினும் அந்தக் காரணத்தைச் சற்றுச் சோதித்துப் பார்க்க வேண்டும். நம் ஓட்டுநருக்கு உதவியாளர் ஒருவர். மாதச் சம்பளம் 10,000 ரூபாய். 15ஆல் பெருக்க 18,00,000 ரூபாய். அவர் இன்னும் 30 ஆண்டு வாழ்வாரெனில் இத்தொகை போதுமா? போதவேண்டுமாயின், வைப்புத்தொகையின் வட்டி, உதவியாளர் சம்பளம் ஏறும் வேகத்தைவிட ஆண்டுக்கு 5 விழுக்காட்டிற்கும் சற்று மேலாக இருக்க வேண்டும். வட்டியும் சம்பளமும் ஒரே வேகத்தில் ஏறுமாயின் பணம் 15 ஆண்டில் தீர்ந்து, 53ஆம் வயதில் அவர் உதவியின்றிக் கிடப்பார். வட்டி 2 விழுக்காடு மிகையாயினும் 56ஆம் வயதுக்கு மேல் செல்லாது. முதுமை நெருங்க நெருங்கப் பராமரிப்பின் தேவை கூடுமேயன்றிக் குறையாது.

பெருக்கெண்ணே ஊதிய உயர்வை அடக்கியுள்ளது என்பது மெய்யாயின், வருமானத்தோடு 40 விழுக்காடு சேர்க்க வேண்டிய அவசியமே எழுந்திராது. பெருக்கெண் தனித்து நில்லாது என்று அரசியலமைப்பு அமர்வு கண்டதனாலன்றோ அச்சேர்க்கை வந்தது? உதவியாளர் பெறுவதும் உழைப்புக்கு விலையே. ஓட்டுநரின் உழைப்புக்கு உயர்வுண்டு, அவரைத் தூக்கி அமர்த்துபவரின் உழைப்புக்கு இல்லை என்பதற்கு எந்த நியாயமும் காணோம். அதே 40 விழுக்காட்டை இங்கும் சேர்த்தால் தொகை 25,20,000 ரூபாயாகும். அப்போது 30 ஆண்டுக்குப் போதுவதற்கு வட்டியின் மிகை ஏறத்தாழ இரண்டரை விழுக்காடாக இருந்தால் அமையும். இது பேராசையன்று, நம்பத்தக்க அளவே. சிறுநீர்க் குழாய், மருந்து, உடற்பயிற்சிச் சிகிச்சை ஆகியவற்றின் மாதச் செலவும், சில ஆண்டுக்கொருமுறை மாற்ற வேண்டிய சக்கர நாற்காலியும் தனியே ஆண்டுச் செலவாக்கப்பட்டுக் கணக்கில் சேர வேண்டும்.

4. இரு ஆட்சேபங்கள்

தண்டுவடம் முறிந்தோர் நீண்டகாலம் வாழ்வதரிது. ஆதலின் 30 ஆண்டு மிகை என்பது முதல் ஆட்சேபம். சிறுநீரகத் தொற்றும் படுக்கைப் புண்ணும் ஆயுளைக் குறைக்கின்றன என்பது உண்மையே. ஆனால் அவற்றைத் தடுப்பதே பராமரிப்பின் பயன். பராமரிப்புக் குறைந்தால் ஆயுள் குறையும் என்பதைக் காட்டிப் பராமரிப்புக்கான பணத்தைக் குறைப்பது, விளைவையே காரணமாக்கும் தருக்கப் பிழையாகும். ஆயுள் பற்றிய மதிப்பு சிகிச்சை தந்த மருத்துவரின் சாட்சியத்திலிருந்து வரட்டும். தற்காப்பு வாதத்திலிருந்து வரலாகாது.

மனைவியே பார்த்துக்கொள்கிறார், கூலி கொடுக்கப்படவில்லையே என்பது இரண்டாவது. அவர் தம் வேலையை விட்டுப் படுக்கையருகே அமர்ந்திருப்பது கொடையன்று. விபத்து அவர்மேல் சுமத்திய உழைப்பு. தீங்கிழைத்தவர் அவ்வுழைப்பை இலவசமாக்கிக்கொள்ள உரிமையற்றவர். எனவே சந்தையில் ஓர் உதவியாளர் பெறும் விலையே அளவுகோலாக வேண்டும். ஆனால் அவர் கைவிட்ட சம்பளத்தையும் உதவியாளர் கூலியையும் இரண்டாகக் கோருதல் ஒரே இழப்பை இருமுறை எண்ணுவதாகும்.

வயது முதிர்ந்தோர் நிலையில் இம்முரண்பாடு இன்னும் கடுமையாகத் தெரிகின்றது. 62 வயதுத் தையற்காரர் ஒருவருக்கு அட்டவணை தருவது 7. இன்னும் ஏழாண்டு உழைத்திருப்பார் என்ற அளவில் வருமானத்திற்கு அது ஒருவாறு பொருந்தலாம். படுக்கையில் அவர் கழிக்கப்போகும் ஆண்டுகளுக்கு அது அளவாகாது. சம்பாதிக்கும் வயது ஒருநாள் முடிந்துவிடும். தாகத்திற்குத் தண்ணீர் எடுத்துத் தர ஒருவர் வேண்டிய நிலையோ அன்றும் முடிவதில்லை. ஆதலின் வருமானத்தின் பெருக்கெண்ணை உழைக்கும் ஆண்டுகளும், பராமரிப்பின் பெருக்கெண்ணை வாழும் ஆண்டுகளும் நிர்ணயிக்குமாறு இவ்விரு தலைப்புகளுக்கும் வெவ்வேறு அட்டவணைகள் வகுக்கப்பட வேண்டும். அதுவரை, பராமரிப்புத் தொகையோடு ஊதிய உயர்வைச் சேர்ப்பது, 168ஆம் பிரிவின் ‘நியாயம்’ என்ற சொல்லுக்குள்ளேயே தீர்ப்பாயங்கள் இன்றே செய்யத்தக்க காரியமாகும்.