நிறம் மாறாத சிறுநீர்: மதுசார் கீட்டோன் அமிலத்தேக்கம் அறியப்பட்ட வரலாறு

பல நாள் விடாமல் குடித்த ஒருவருக்கு வயிறு புரட்டத் தொடங்குகிறது. சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த நாள் மதுவும் இறங்கவில்லை, குடித்ததும் வாந்தி. ஓரிரு நாள் இப்படியே கழிந்தபின் மேல்வயிற்று வலியோடும் மூச்சு வாங்கலோடும் மருத்துவமனைக்கு அழைத்து வரப்படுகிறார். கேட்ட கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்கிறார். ரத்தத்தில் மது மிகக் குறைவு, சில வேளை அறவே இல்லை. சர்க்கரையும் அதிகமில்லை. ஆனாலும் ரத்தம் அமிலமேறிக் கிடக்கிறது. இதுதான் மதுசார் கீட்டோன் அமிலத்தேக்கம். 1940இல் எழுதப்பட்ட இந்த நோய்க்குத் தனிப்பெயர் கிடைக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. நோய் அரிதாக இருந்தது இத்தாமதத்துக்குக் காரணமல்ல. கீட்டோனைத் தேட மருத்துவர் கையிலிருந்த சோதனை, இந்நோயில் மிகுந்து சேரும் அமிலத்தைக் காட்டும் திறனற்றது என்பதே முதன்மைக் காரணம் என்று இக்கட்டுரை கருதுகிறது.

கதை நீரிழிவில் தொடங்குகிறது. 1857இல் பிராகில் பெட்டர்ஸ் என்ற மருத்துவர், நீரிழிவு நோயாளியின் சிறுநீரில் அசிட்டோன் இருப்பதைக் கண்டார். 1880களில் எம்மோ லெகால் என்ற ஜெர்மன் மருத்துவர் நைட்ரோபுருசைடு உப்பைக் கொண்டு அதைக் கண்டறியும் நிறச் சோதனையை வகுத்தார். 1908இல் ரோத்தெரா அதில் அம்மோனியா சேர்த்துக் கூர்மைப்படுத்தினார். நம் மருத்துவக் கல்லூரிகளின் முதலாண்டு மாணவர் இன்றும் செய்யும் ரோத்தெரா சோதனை அதுதான். சிறுநீரில் அம்மோனியம் சல்பேட்டைக் கரைத்து, நைட்ரோபுருசைடு சேர்த்து, குழாயின் பக்கவாட்டில் அம்மோனியாவை மெல்ல வழியவிட்டால், இரு நீர்மங்களும் சந்திக்கும் இடத்தில் ஊதா வளையம் தோன்றும்.

அந்த வளையத்தைத் தோற்றுவிப்பது அசிட்டோஅசிட்டேட். அசிட்டோனும் ஓரளவு தோற்றுவிக்கும். மூன்றாவது கீட்டோன் பொருளான பீட்டா-ஹைட்ராக்சிபியூட்டிரேட் இச்சோதனையில் நிறமே தராது. அப்படியொரு அமிலம் உண்டு என்பது தெரியாமலும் இல்லை. லெகாலின் காலத்திலேயே, 1884இல், நீரிழிவு நோயாளியின் சிறுநீரில் மின்கோவ்ஸ்கி அதைக் கண்டறிந்திருந்தார். ஆனால் அதைப் படுக்கையருகே அளக்க எளிய வழி இல்லை. நீரிழிவில் இக்குறை பெரிதாக உறுத்தவுமில்லை, ஏனெனில் அங்கே அசிட்டோஅசிட்டேட்டும் போதிய அளவு இருப்பதால் வளையம் எப்படியும் தோன்றிவிடும். 1920களில் இன்சுலின் புழக்கத்துக்கு வந்ததும் கீட்டோன் என்றாலே நீரிழிவு, நீரிழிவு என்றாலே இன்சுலின் என்ற சிந்தனை வழக்கம் ஊன்றிவிட்டது.

1940இல் டில்லன், டையர், ஸ்மெலோ என்ற மூன்று அமெரிக்க மருத்துவர்கள், நீரிழிவு இல்லாத பெரியவர்களிடம் கடுமையான கீட்டோன் அமிலத்தேக்கம் வந்ததைப் பதிவு செய்தனர். நோயாளிகள் நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர்கள். எழுதியவர்கள் நீரிழிவு மருத்துவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. தம் துறையின் நோய், நீரிழிவே இல்லாதவரிடம் தென்பட்டதுதான் அவர்களை எழுதத் தூண்டியிருக்க வேண்டும். அந்தக் கட்டுரையை எடுத்து வளர்ப்பார் இல்லாமல் போயிற்று. குடித்துவிட்டு வாந்தியோடு வருபவரை இரைப்பை அழற்சி என்றோ கணைய அழற்சி என்றோ எழுதி, குளுக்கோஸ் ஏற்றி அனுப்புவதே நடைமுறை. அந்தக் குளுக்கோஸே இந்நோய்க்கு மருந்தாக இருந்ததால், பெயர் தெரியாமலே பலர் குணமடைந்திருப்பார்கள். குணமானதும் கேள்வியும் மறைந்திருக்கும்.

அடுத்த திருப்பம் ஆய்வுக்கூடத்தில் நேர்ந்தது. கல்லீரலில் மது முதலில் அசிட்டால்டிஹைடாகவும் பிறகு அசிட்டேட்டாகவும் மாறுகிறது. இரண்டு படிகளிலும் மதுவிலிருந்து பிரியும் ஹைட்ரஜனை என்ஏடி என்ற மூலக்கூறு ஏற்று என்ஏடிஎச் ஆகிறது. தொடர்ந்து குடிப்பவரின் கல்லீரல் செல்களில் ஹைட்ரஜன் ஏற்ற வடிவம் பெருகி, வெறும் வடிவம் குறைகிறது. 1967இல் ஆக்ஸ்ஃபோர்டில் வில்லியம்சன், லண்ட், கிரெப்ஸ் மூவரும், பீட்டா-ஹைட்ராக்சிபியூட்டிரேட்டுக்கும் அசிட்டோஅசிட்டேட்டுக்கும் உள்ள விகிதத்தை வைத்தே மைட்டோகாண்டிரியாவுக்குள் இந்தச் சமநிலை எங்கே நிற்கிறது என்று கணக்கிட முடியும் எனக் காட்டினர். அவர்கள் ஆய்ந்தது எலியின் கல்லீரலை. மதுநோயாளியின் சிறுநீர் ஏன் நிறம் மாற மறுக்கிறது என்ற புதிருக்கான விடை அதில் அடங்கியிருந்தது. என்ஏடிஎச் மிகுந்தால் அசிட்டோஅசிட்டேட் அதன் ஹைட்ரஜனை ஏற்று மற்ற அமிலமாக மாறிவிடுகிறது. இயல்பில் ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்றாகவும், நீரிழிவு அமிலத்தேக்கத்தில் மூன்றுக்கு ஒன்றாகவும் உள்ள விகிதம், மதுநோயாளியிடம் ஏழுக்கு ஒன்றாகவோ அதற்கும் மேலாகவோ ஏறிவிடுகிறது. அமிலம் நிறைய இருக்கும், சோதனைக்குத் தெரியும் பங்கு மட்டும் சிறுத்துவிடும்.

ஆனால் இது எந்த அமிலம் என்பதற்கு மட்டுமே விடை. அமிலம் ஏன் இவ்வளவு சேர்கிறது என்பது வேறு கேள்வி. மதுவே காரணம் என்றால் நன்றாகக் குடித்துக்கொண்டிருக்கும் நாளிலேயே வந்திருக்க வேண்டும். வருவதோ குடி நின்றபின். இந்தக் கால ஒழுங்கைத்தான் எவ்விளக்கமும் முதலில் ஈடுகட்டியாக வேண்டும்.

உணவு இறங்காத ஒரு நாளில் கல்லீரலின் கிளைக்கோஜன் இருப்பு பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. நெடுநாள் சரியாக உண்ணாதவரிடம் அது முன்பே குறைவு. பிறகு உடல், லாக்டேட்டிலிருந்தும் அமினோ அமிலங்களிலிருந்தும் சர்க்கரையைப் புதிதாக உருவாக்க வேண்டும். என்ஏடிஎச் மிகுதி அந்த வழியையும் அடைக்கிறது. பைருவேட் லாக்டேட்டாகவும் ஆக்சலோஅசிட்டேட் மாலேட்டாகவும் திரும்பிப்போகின்றன. சர்க்கரை வரத்து குறைவதால் இன்சுலின் தாழ்கிறது, குளுக்ககான் உயர்கிறது. வாந்தியால் உடல்நீர் வற்ற அட்ரினலினும் கார்ட்டிசாலும் ஏறுகின்றன. அட்ரினலின் இன்சுலின் சுரப்பை மேலும் அடக்குகிறது. இவை அனைத்தும் கொழுப்புத் திசுவுக்குச் சொல்வது ஒன்றையே: கொழுப்பை உடைத்து வெளியே விடு.

குடித்துக்கொண்டிருக்கும்வரை அந்தக் கட்டளைக்கு ஒரு தடை உண்டு. மதுவிலிருந்து வரும் அசிட்டேட், கொழுப்பு வெளியேறுவதை அடக்கி வைக்கிறது, தானே எரிபொருளாகவும் பயன்படுகிறது. மது நின்றதும் தடை விலகுகிறது, பட்டினியும் வாந்தியும் எழுப்பிய ஹார்மோன்களோ உச்சத்தில் நிற்கின்றன. கொழுப்பு அமிலங்கள் கல்லீரலுக்குள் வெள்ளமெனப் பாய்ந்து, மைட்டோகாண்டிரியாவில் துண்டாகி அசிட்டைல் கோ-ஏ ஆகின்றன. அதை எரித்து முடிக்க வேண்டிய சுழற்சிக்கு ஆக்சலோஅசிட்டேட் தேவை, அதுவோ வேறு வழியில் போய்விட்டது. எஞ்சியது கீட்டோன் பாதை. உருவாகும் ஒவ்வொரு கீட்டோன் அமில மூலக்கூறும் ஒரு ஹைட்ரஜன் அயனியை ரத்தத்தில் விடுகிறது, அதை நடுநிலைப்படுத்தப் பைகார்பனேட் செலவாகிறது. நீர் வற்றிய உடலில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமும் குறைவதால் கீட்டோன்கள் வெளியேறவும் வழி சுருங்குகிறது. ஆகவே இதில் மது, பட்டினி, வாந்தி மூன்றுக்கும் பங்குண்டு. எளிய பட்டினியில் இரண்டு மூன்று வாரம் ஆனாலும் இவ்வளவு கடும் அமிலத்தேக்கம் வராது என்பதை நினைத்தால், மதுவின் பங்கு புரியும்.

1970இல் லெஃபெவ்ர், ஆட்லர், லீபர் ஆகியோர், மது மனிதரின் கீட்டோன் வளர்சிதையை மாற்றுவதைப் பரிசோதனையாகவே காட்டினர். மறு ஆண்டில் ஜென்கின்ஸ், எக்கெல், கிரெய்க் மூவரும் மருத்துவ இதழொன்றில் இந்நோயை அதற்குரிய பெயரிட்டு எழுதினர். 1974இல் கூப்பர்மனும் உடனாளர்களும் ஏழு நோயாளிகளை விவரித்தனர். எல்லாரும் வாந்தியோடும் வயிற்று வலியோடும் வந்தவர்கள். உப்புநீரும் குளுக்கோஸும் ஏற்றியதில் 12 முதல் 18 மணி நேரத்தில் தேறினர். இன்சுலின் ஏறக்குறைய தேவைப்படவேயில்லை. மருத்துவத்துக்கு இதுதான் பெரிய செய்தி. சர்க்கரை ஏற்றினால் நோயாளியின் கணையமே இன்சுலின் சுரக்கிறது, கொழுப்பு உடைவது நிற்கிறது. சர்க்கரை தாழ்ந்துள்ளவருக்கு நீரிழிவு வழக்கப்படி இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து.

1991இல் ரென், ஸ்லோவிஸ் உள்ளிட்டோர் 74 நோயாளிகளைத் தொகுத்தபோது இன்னொரு மறைவு வெளிப்பட்டது. ரத்தத்தின் பி.எச். எல்லாரிடமும் தாழ்ந்திருந்தது என்றில்லை. காரணம் வாந்திதான். வாந்தியில் போவது இரைப்பையின் அமிலம், அதனால் ரத்தம் காரத்தை நோக்கிச் சாய்கிறது. கீட்டோன் எதிர்ப்பக்கம் இழுக்கிறது. இரண்டும் சந்திக்கையில் அளவு நடுவில் நின்று ஏமாற்றும்.

நானே அமைத்த ஓர் எடுத்துக்காட்டை வைத்துக் கணக்கிடுவோம். சோடியம் 136, குளோரைடு 88, பைகார்பனேட் 12, ரத்தச் சர்க்கரை 74 மி.கி., பி.எச். 7.30. பி.எச்.சை மட்டும் பார்த்தால் மிதமான நோய். சோடியத்திலிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் எதிரயனி இடைவெளி 36 வருகிறது. இயல்பு 12 எனக் கொண்டால் 24 அலகு புதிய அமிலம் சேர்ந்திருக்கிறது. இயல்பான பைகார்பனேட்டும் 24தான். அப்படியானால் அது கிட்டத்தட்ட முழுவதும் தீர்ந்திருக்க வேண்டும், 12 மீந்திருக்கக் கூடாது. மீந்த 12 வாந்தி விட்டுச்சென்ற காரத்தின் கணக்கு. சிறுநீர்ச் சோதனை லேசான நிறம் காட்ட, பி.எச். மிதமாக நிற்க, நோயின் உண்மையான அளவைச் சொல்வது இந்தக் கழித்தல் ஒன்றே.

சிகிச்சையிலும் அதே நிறச் சோதனை ஏய்க்கிறது. குளுக்கோஸ் ஏறி, மது எரிந்து தீர்ந்து, என்ஏடிஎச் மிகுதி தணியும்போது பீட்டா-ஹைட்ராக்சிபியூட்டிரேட் திரும்பவும் அசிட்டோஅசிட்டேட் ஆகிறது. நோயாளி தெளிந்து உட்கார்ந்து பேசும் நேரத்தில் சிறுநீரின் ஊதா நிறம் அடர்கிறது. இதைக் கண்டு நோய் முற்றுகிறது என்று அஞ்சத் தேவையில்லை. பைகார்பனேட் ஏறுகிறதா, இடைவெளி சுருங்குகிறதா என்று பார்ப்பதே சரி. குளுக்கோஸுக்கு முன்போ கூடவோ தையமின் ஊசி போடுவது கட்டாயம். குடிநோயாளியிடம் அந்த வைட்டமின் இருப்பு குறைவு, குளுக்கோஸ் எரிக்கும் வேலையில் மிச்சமும் தீர்ந்தால் மூளை பாதிக்கப்படலாம். இன்சுலின் சுரக்கத் தொடங்கியதும் பொட்டாசியமும் பாஸ்பேட்டும் செல்களுக்குள் நுழைந்து ரத்தத்தில் சரிவதால் அவற்றையும் மக்னீசியத்தையும் அளந்து ஈடுசெய்ய வேண்டும்.

இடைவெளி விரிந்த எல்லாக் குடிநோயாளிக்கும் இதே நோய் என்று முடிவு கட்டவும் கூடாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்ற மெத்தனால் கலந்த சாராயமும் இடைவெளியை இப்படித்தான் விரிக்கும். அங்கே சேர்வது ஃபார்மிக் அமிலம். பார்வை மங்கல் முன்னறிகுறியாக வரும், குளுக்கோஸ் ஏற்றுவதால் மட்டும் தேறாது, மாற்று மருந்தும் ரத்தச் சுத்திகரிப்பும் தேவை. சில மணி நேரத் திரவ சிகிச்சைக்குப் பிறகும் அமிலம் இறங்காவிட்டால் மெத்தனாலையோ, குடல் அழுகலையோ, கிருமித்தொற்றையோ தேட வேண்டும்.

பீட்டா-ஹைட்ராக்சிபியூட்டிரேட்டை விரல்நுனி ரத்தத்திலேயே அளக்கும் கருவிகள் இப்போது உண்டு. அவை வருமுன்பே தடயவியலாளர்கள் வேறு திசையில் கேள்வியைத் தொடர்ந்தனர். வீட்டில் இறந்து கிடக்கும் நாட்பட்ட குடிநோயாளிகள் பலரின் பிரேதப் பரிசோதனையில் கொழுப்பேறிய கல்லீரலைத் தவிர வேறெதுவும் அகப்படாது, ரத்தத்தில் மதுவும் சொற்பமாகவே இருக்கும். 1990களில் டென்மார்க்கில் தாம்சனும் குழுவினரும் அத்தகையோரின் ரத்தத்தில் கீட்டோன்களை அளந்து, சிலரிடம் மிக உயர்ந்த அளவுகளைக் கண்டனர். அதன்பின் ஐரோப்பியத் தடயவியல் கூடங்கள் சில, காரணம் தெரியாத மதுநோயாளி மரணங்களில் இந்த அமிலத்தைத் தனியே அளக்கத் தொடங்கின.