ஐ.க்யூ 111 என்றால் என்ன அர்த்தம்? மதிப்பெண்ணுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

ஆஃபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ ஒரு லிங்க் போடுகிறார்கள். பத்து நிமிட டெஸ்ட். முடித்ததும் 'உங்கள் ஐ.க்யூ 128' என்று வருகிறது. ஸ்கிரீன்ஷாட் எடுப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: யாரோடு ஒப்பிட்டு 128?

ஐ.க்யூ, உயரம் மாதிரி நேரடியாக அளக்கிற விஷயம் இல்லை. ஒரு கூட்டத்தில் நீங்கள் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்பதைச் சொல்லும் எண், அவ்வளவுதான்.

எண் எப்படி வருகிறது?

ஒரு டெஸ்ட்டை வெளியிடுவதற்கு முன், அதை ஒரு மாதிரிக் குழுவுக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். அந்தக் குழுவில் எல்லா வயதினரும், நகரமும் கிராமமும், பல விதமான குடும்பப் பின்னணிகளும் சரியான விகிதத்தில் இருக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே வழிமுறை, ஒரே நேர அளவு. இதுதான் தரப்படுத்தல். இதில் ஒவ்வொரு வயதினருக்கும் கிடைக்கும் சராசரியும் பரவலும்தான் 'நார்ம்ஸ்'.

ஒரு உதாரணம் பார்ப்போம். நீங்கள் 42 கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்கிறீர்கள். மாதிரிக் குழுவில் உங்கள் வயதினரின் சராசரி 36. திட்ட விலக்கம், அதாவது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறி இருக்கின்றன என்பதன் அளவு, 8. நீங்கள் சராசரியைவிட 6 அதிகம். அதை 8-ஆல் வகுத்தால் 0.75. ஐ.க்யூ அளவுகோலில் சராசரியை 100 என்றும், திட்ட விலக்கத்தை 15 என்றும் வைத்துக்கொள்கிறார்கள். 0.75-ஐ 15-ஆல் பெருக்கி 100-உடன் கூட்டினால் சுமார் 111. உண்மையான டெஸ்ட்டில் பல பகுதிகள் சேர்ந்து வரும். ஆனால் அடிப்படைக் கணக்கு இதுதான்.

அதே 42, வேறு ஐ.க்யூ

இப்போது மாதிரிக் குழுவை மட்டும் மாற்றுவோம். புதிய குழுவின் சராசரி 40, திட்ட விலக்கம் அதே 8. உங்கள் ஐ.க்யூ 104 ஆகிவிடுகிறது. பதில்களில் எதுவும் மாறவில்லை, ஆனால் 7 புள்ளி காணாமல் போய்விட்டது.

இது வெறும் கற்பனைக் கணக்கு இல்லை. 20-ஆம் நூற்றாண்டில் பல நாடுகளில் சராசரி மதிப்பெண் பத்தாண்டுக்குச் சுமார் 3 புள்ளி உயர்ந்ததை ஜேம்ஸ் ஃப்ளின் என்ற ஆய்வாளர் காட்டினார். அப்படி உயர்ந்துகொண்டிருக்கும் இடத்தில் பழைய நார்ம்ஸை வைத்து அளந்தால், இன்றைய குழந்தையின் ஐ.க்யூ நிஜத்தைவிடக் கூடுதலாகத் தெரியும். இந்தியாவில் நீண்ட காலமாகப் பயன்பாட்டில் இருக்கும் மாலின் அளவுகோல், அமெரிக்காவின் வெக்ஸ்லர் டெஸ்ட்டை 1960-களில் இந்தியக் குழந்தைகளுக்காக மாற்றி அமைத்தது. அதனால் ரிப்போர்ட்டில் டெஸ்ட்டின் பெயரோடு, நார்ம்ஸ் எந்த ஆண்டினது என்பதையும் பாருங்கள்.

71-க்கும் 70-க்கும் நடுவில் ஒரு உயிர்

ஒரே ஆள் வேறொரு நாளில் அதே மாதிரி டெஸ்ட்டை எழுதினால் அதே எண் வராது. நல்ல டெஸ்ட்டிலும் இந்த அளவீட்டுப் பிழை இருக்கும். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அமெரிக்காவின் ஒரு வழக்கு காட்டுகிறது.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு அங்கே மரண தண்டனை விதிக்க முடியாது. ஆனால் ஃப்ளோரிடா மாகாணம், ஐ.க்யூ 70 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் மற்ற ஆதாரங்களைப் பார்ப்போம் என்றது. கொலை வழக்கில் தண்டனை பெற்ற ஃப்ரெடி லீ ஹாலின் மதிப்பெண் 71. ஒரே ஒரு புள்ளி.

2014-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த விதியை 5-4 என்ற கணக்கில் நிராகரித்தது. 71 என்பது ஒற்றைப் புள்ளி இல்லை. 95% உறுதியோடு சொல்வதானால் 66 முதல் 76 வரையிலான ஒரு வரம்பு என்பதுதான் வாதத்தின் மையம். அந்த வரம்புக்குள் கோடு விழும்போது, அந்த மனிதர் அன்றாட வாழ்க்கையை எப்படிச் சமாளிக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும் என்றது. 2016-ல் ஹாலின் மரண தண்டனை ரத்தானது.

எண் சொல்லாதது என்ன?

ஏன் அந்த மதிப்பெண் வந்தது என்பதை அது சொல்லாது. தூக்கமில்லாத இரவா, பதற்றமா, வீட்டில் பேசாத மொழியில் கேட்ட கேள்வியா? எல்லாம் ஒரே எண்ணுக்குள் மறைந்துவிடும். மொழித்திறனில் 120-ம் வேகத்தில் 80-ம் எடுத்த ஒரு குழந்தையும், இரண்டிலும் 100 எடுத்த குழந்தையும் மொத்தத்தில் ஒரே மாதிரி தெரியலாம். ஆனால் வகுப்பறையில் இருவருக்கும் தேவைப்படும் உதவி வேறு.

அதனால் உங்கள் குழந்தைக்கோ, தம்பி தங்கைக்கோ ரிப்போர்ட் வந்தால், பெரிதாக அச்சடித்த எண்ணோடு நின்றுவிடாதீர்கள். யாரோடு ஒப்பிட்டார்கள், வரம்பு எவ்வளவு, பகுதிவாரி மதிப்பெண்கள் என்ன என்று உளவியலாளரிடம் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த அந்த 128, இந்த மூன்றில் முதல் கேள்விக்கே பதில் தராவிட்டால், அதை ஒரு விளையாட்டாக மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.