கடலூர் கடை சிசிடிவி-யில் இருந்து மெயில் வரலையா? இன்டர்நெட் நிறுவனங்கள் 'போர்ட்'டை அடைப்பது ஏன்? வழி என்ன?

கடலூரில் ஒருவர் கடை வைத்திருக்கிறார், வீடு சிதம்பரத்தில் என்று வைத்துக்கொள்வோம். இரவு ஷட்டர் அருகே யாராவது நடமாடினால் மெயில் வரவேண்டும், 45 கி.மீ. தள்ளி வீட்டில் இருந்தபடி கேமராவைப் பார்க்கவேண்டும் என்பதற்காக டிவிஆர் பெட்டி வாங்கி மாட்டுகிறார். கடைக்குள் எல்லாம் ஓடுகிறது. ஆனால் மெயில் வரவில்லை, வீட்டில் இருந்து பார்த்தால் படமும் தெரியவில்லை. பெட்டியில் கோளாறு என்று நினைக்கத் தோன்றும். பெரும்பாலும் காரணம் வேறு.

மெயில் ஏன் போகவில்லை?

இன்டர்நெட் இணைப்பில் ஒவ்வொரு வேலைக்கும் எண் போட்ட வாசல் உண்டு. அதுதான் போர்ட். ஒரு மெயில் சர்வர் இன்னொரு மெயில் சர்வருக்குக் கடிதம் கொடுக்கும் வாசல் 25. இதில் அனுப்புபவரிடம் பாஸ்வேர்டு கேட்பதில்லை. இதனால் வைரஸ் புகுந்த ஒரு வீட்டு கம்ப்யூட்டர், உரிமையாளருக்கே தெரியாமல் ஆயிரக்கணக்கான ஸ்பேம் மெயில்களை அனுப்ப முடியும்.

இன்று பல இணைப்புகளில் நூற்றுக்கணக்கான வீடுகள் ஒரே பொது ஐபி முகவரியைப் பகிர்கின்றன. ஒரு வீடு ஸ்பேம் அனுப்பினாலும் அந்த முகவரி கறுப்புப் பட்டியலில் சேரும். மற்ற வீடுகளும் சேர்ந்து மாட்டும். அதனால்தான் வீட்டு இணைப்புகளில் வெளியே போகும் 25-ஐ பல நிறுவனங்கள் அடைத்துவிடுகின்றன.

எப்படி கண்டுபிடிப்பது?

கடை வைஃபையில் ஒரு விண்டோஸ் லேப்டாப்பை இணைத்து, பவர்ஷெல்லில் இதை டைப் செய்யவும்:

```
Test-NetConnection smtp.gmail.com -Port 25
Test-NetConnection smtp.gmail.com -Port 587
```

முதல் வரிக்கு TcpTestSucceeded : False என்றும், இரண்டாவதற்கு True என்றும் வந்தால் பெட்டியில் பழுது இல்லை, 25 மட்டும் அடைபட்டிருக்கிறது.

சரிசெய்வது சுலபம். 587 என்பது பயனர் பெயர், பாஸ்வேர்டு கொடுத்து மெயில் அனுப்பும் வாசல். அதை யாரும் பொதுவாக அடைப்பதில்லை. டிவிஆரின் மெயில் செட்டிங்கில் போர்ட்டை 587 என மாற்றி, TLS-ஐத் தேர்வு செய்யவும். ஜிமெயில் என்றால் வழக்கமான பாஸ்வேர்டு செல்லாது. கூகுள் கணக்கில் இரண்டடுக்கு சரிபார்ப்பை ஆன் செய்து, அதன்பின் 16 எழுத்து 'ஆப் பாஸ்வேர்டு' உருவாக்கி அதைக் கொடுக்கவேண்டும். TLS வசதியே இல்லாத பழைய பெட்டியில் இது நடக்காது.

வெளியிலிருந்து கேமரா ஏன் தெரியவில்லை?

இது எதிர்த்திசை. உள்ளே வரும் 80, 443 போன்ற வெப் வாசல்களைச் சில நிறுவனங்கள் அடைக்கின்றன. வீட்டு பிளானில் சர்வர் நடத்தக்கூடாது என்ற நிபந்தனை ஒரு காரணம், பாதுகாப்பு இன்னொன்று. 2016-ல் 'மிராய்' வைரஸ், ஆரம்ப பாஸ்வேர்டு மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்துத்தான் பெரிய இணையதளங்களை முடக்கியது. 2017 ஜூலையில் 'பிரிக்கர்பாட்' தாக்குதலில் இந்தியாவில் 60,000-க்கும் மேற்பட்ட மோடம்கள் பழுதாயின. பிஎஸ்என்எல் வாடிக்கையாளர்கள் அதிகம் பாதிக்கப்பட்டனர். அதிலும் மாற்றாத பாஸ்வேர்டுதான் ஓட்டை.

வாசலை அடைக்காமலே இணைப்பு வராமல் போவதும் உண்டு. ரவுட்டர் பக்கத்தில் WAN IP என்ற இடத்தைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், பொது முகவரி உங்களுக்கு மட்டும் தரப்படவில்லை என்று அர்த்தம். ரவுட்டரில் 'போர்ட் ஃபார்வர்டிங்' எவ்வளவு போட்டாலும் பலன் இருக்காது.

நேர்மையான வழிகள்

முதல் வழி, டிவிஆர் கம்பெனியின் மொபைல் ஆப். பெட்டியே வெளியே இருக்கும் சர்வரோடு பேசுவதால், உள்ளே வரும் வாசல் திறக்கத் தேவையில்லை. ஆனால் படம் அந்த கம்பெனியை நம்பித்தான் போகிறது.

இரண்டாவது, கடையில் எப்போதும் ஆன் ஆகியிருக்கும் ஒரு சின்ன கம்ப்யூட்டரில் டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன். இதற்கும் வாசல் திறக்கவேண்டாம். சிதம்பரத்து போன் கடை வைஃபையில் இருப்பது போலவே டிவிஆரைப் பார்க்கும். கரண்ட் போனால் இதுவும் நிற்கும்.

மூன்றாவது, நிறுவனத்திடம் கேட்டு, மாதக் கட்டணத்துக்கு ஸ்டாட்டிக் ஐபி அல்லது வணிக பிளான் வாங்குவது. 25-ஐத் திறக்கக் கேட்பதானாலும் இதுவே முறை. ஆனால் வீட்டு ஐபியில் இருந்து நேரடியாக வரும் மெயிலை பெரிய மெயில் நிறுவனங்கள் பொதுவாக ஏற்பதில்லை. எனவே 25 திறந்தும் மெயில் சேராமல் போகலாம்.

80-க்குப் பதில் 8080 என்று மாற்றி டிவிஆரை நேரடியாக இன்டர்நெட்டில் விடுவதுதான் ஆபத்து. போர்ட் எண்ணை மாற்றினால் திருடனுக்குத் தேட இன்னும் சில நிமிடம் ஆகும், அவ்வளவுதான். எந்த வழியில் போனாலும் பெட்டியின் ஆரம்ப பாஸ்வேர்டை முதலில் மாற்றிவிடுங்கள்.