நினாசெட்டுவேன்: மலாக்காச் செட்டியின் இறப்பும் ‘வழி’ விடுபட்ட அடிக்குறிப்பும்

1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துக்கீசியர், தமக்கு உதவிய தமிழ் வணிகர் நைனா செட்டியைப் பெண்டஹாரா ஆக்கினர். 1514இல் அப்பதவி கம்பார் அரசருக்குப் போனது. அவமானம் தாங்காத செட்டி, மேடை கட்டி, நறுமணக் கட்டைகளில் தீ மூட்டி அதில் இறங்கினார் என்பது வழங்கிவரும் செய்தி. பார்ரோஸ், கோயிஸ், ஒசோரியோ, மொந்தேன் என நால்வர் சொல்வதால் அது ஐயத்துக்கு இடமற்றது என்பர் முன்னோர் சிலர். தமிழரின் மான உணர்வுக்கு அதைச் சான்றாக்கியவர்களும் உண்டு.

நால்வர் என்ற அந்தக் கணக்கைத்தான் நான் ஏற்கவில்லை. பார்ரோஸ் ஆசியாவுக்கு வந்ததே இல்லை. அவர் நூற்பகுதி வெளியானது 1553இல், அதாவது நிகழ்ச்சிக்கு 39 ஆண்டுகள் கழித்து. ஒசோரியோவின் 1571 இலத்தீன் வரலாறு பெரும்பாலும் கோயிஸின் நூலைத் தழுவியது. மொந்தேன், ஒசோரியோவைப் பிரெஞ்சு வழியாகப் படித்துத் தற்கொலை பற்றிய கட்டுரையில் எடுத்தாண்டவர். ஆக, நால்வரில் கடைசி மூவரும் ஒரே கயிற்றின் முடிச்சுகள்.

அண்மையில் மலாக்கா மாணவர் ஒருவரின் வரைவு என் கைக்கு வந்தது. அடிக்குறிப்பு ‘பார்ரோஸ், 1553’ என்றது. கட்டுரைக்குள்ளோ செட்டியின் பெயர் ‘நினாசெட்டுவேன்’. அது மொந்தேனில் வரும் வடிவம். ஈற்றிலுள்ள ஒலி இலத்தீன் இரண்டாம் வேற்றுமை உருபின் எச்சமாக இருக்கலாம். ‘செட்டியை’ என்பதையே ஒருவர் பெயராகக் கொண்டால் எப்படியோ, அப்படி. உறுதியாகச் சொல்லமாட்டேன், ஆனால் வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. இன்னொரு தடயமும் இருந்தது. மொந்தேனைப் போலவே வரைவும் பதவியைப் பறித்தவரை ‘வைஸ்ராய்’ என்றது. அப்போதிருந்த அல்புகெர்க்கே ஆளுநர்தான். வைஸ்ராய் பட்டம் அவருக்கு இல்லை. இப்பிழை எந்தப் படியில் புகுந்தது என்பதை ஒவ்வொரு நூலாகத் திறந்து பார்த்தே சொல்லமுடியும். அடிக்குறிப்பு நேரே பார்ரோஸுக்குத் தாவியதால் அந்தப் படிகளே மறைந்துபோயின. பிழையும் பார்ரோஸின் தலையில் விழுந்தது.

போர்த்துக்கீசியம் தெரியாத மாணவர் என்ன செய்வார் என்று கேட்கலாம். ‘வழி’ என்ற ஒரு சொல்லை எழுதுவார். அதற்கு மேல் இந்தக் கேள்வியில் ஒன்றுமில்லை. தீக்குளிப்பே கட்டுக்கதை என்றும் நான் சொல்லவரவில்லை. பார்ரோஸுக்கு மலாக்காவிலிருந்து சென்ற கடிதமோ வாய்மொழியோ கிடைத்திருக்கலாம். ஆனால் மேடையும் கட்டையும் அங்கிருந்து வந்தனவா, பின்னால் எழுதியவர்கள் அழகுபடுத்தியவையா என்று பிரித்துக் காட்டாமல், அவற்றின் மேல் தமிழர் மானத்தைக் கட்டுவது அவசரம்.

மாணவர் குறிப்பை மாற்றினார்: ‘மொந்தேன், இரண்டாம் நூல், மூன்றாம் கட்டுரை, ஆங்கில மொழிபெயர்ப்பு வழி.’ பார்ரோஸின் பெயர் அதில் இல்லை.