பெருக்கிய விலையும் பார்த்து வைத்த விலையும்

ஒரு செயலிக்கு நம்மிடம் கேட்கும் மாதச் சந்தா எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள எளிய வகுத்தல் கணக்கு ஒன்று போதும். இந்திய விலையை அதே திட்டத்தின் அமெரிக்க விலையால் வகுக்க வேண்டும். கிடைக்கும் எண்தான் அந்த நிறுவனம் ஒரு டாலருக்கு நம்மிடம் வாங்கும் ரூபாய். அது அன்றைய அந்நியச் செலாவணி விகிதத்தை ஒட்டியிருந்தால், யாரோ அலுவலகத்தில் உட்கார்ந்து பெருக்கிப் போட்டுவிட்டார்கள் என்று பொருள். மிகவும் குறைவாக இருந்தால், இங்கே வந்து பார்த்துவிட்டு விலை வைத்திருக்கிறார்கள். இந்தக் கணக்கை இரண்டு நிறுவனங்களின் இந்திய வரவில் போட்டுப் பார்க்கலாம்: 2016இல் வந்த நெட்ஃபிளிக்ஸ், 2019இல் வந்த ஸ்பாட்டிஃபை.

நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்தபோது மூன்று திட்டங்கள் வைத்திருந்தது: 500, 650, 800 ரூபாய். அமெரிக்காவில் அவற்றின் விலை 7.99, 9.99, 11.99 டாலர். அன்று டாலர் சுமார் 67 ரூபாய். வகுத்தால் 63, 65, 67 என்று வருகிறது. வட்டமாக்கியதில் சில ரூபாய் விட்டுக்கொடுத்ததைத் தவிர, இது நேர் பெருக்கல்தான்.

ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் வந்தது. அமெரிக்காவில் 9.99 டாலருக்கு விற்ற சந்தாவை இங்கே மாதம் 119 ரூபாய்க்குக் கொடுத்தது. செலாவணி விகிதப்படி அது சுமார் 710 ரூபாய் இருந்திருக்க வேண்டும். வகுத்தால் 12. ஒரே டாலருக்கு ஒருவர் 63 ரூபாய் கேட்டார், இன்னொருவர் 12 ரூபாய் கேட்டார்.

இந்த இரண்டுக்கும் நடுவே பொருளாதார வல்லுநர்களின் எண் ஒன்று இருக்கிறது. உலக வங்கி நாடுகளின் விலைவாசியை ஒப்பிட்டு ‘வாங்கும் திறன் சமநிலை’ என்று ஒரு விகிதம் கணக்கிடுகிறது. 2017ஆம் ஆண்டுக் கணக்கின்படி, அமெரிக்காவில் ஒரு டாலருக்கு வாங்கும் பண்டங்களை இந்தியாவில் சராசரியாக 20 ரூபாய் 65 காசுக்கு வாங்கலாம். அந்த ஆண்டு செலாவணி விகிதமோ சுமார் 65. அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. முடிவெட்டும் கூலியும் வீட்டு வாடகையும் பேருந்துக் கட்டணமும் எல்லை தாண்டி விற்கப்படுவதில்லை; அதனால் செலாவணிச் சந்தைக்கு அவற்றின் விலை தெரியாது. இந்த விகிதத்துக்குத் தெரியும். ஆகவே 7.99 டாலர் சந்தாவுக்கு இங்கே நியாயமான விலை 165 ரூபாய் என்று சொல்லத் தோன்றும்.

அவசரப்பட வேண்டாம். இந்த விகிதம் விலைவாசியைச் சமன்செய்கிறது, வருமானத்தைச் சமன்செய்வதில்லை. 2015-16இல் இந்தியரின் சராசரி ஆண்டு வருமானம் சுமார் 95 ஆயிரம் ரூபாய், மாதத்துக்கு 7,900. அதில் 500 ரூபாய் என்பது ஆறு சதவீதத்துக்கு மேல். 165 ரூபாய் என்றாலும் இரண்டு சதவீதம். அமெரிக்கரின் சராசரி வருமானத்தில் 7.99 டாலர் 0.2 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. சுமை இரு நாட்டிலும் ஒன்றாக இருக்க வேண்டுமென்றால் இங்கே விலை 16 ரூபாய்க்குள் இருந்திருக்க வேண்டும்! அந்த விலைக்கு யாரும் விற்க மாட்டார்கள், விற்கவும் தேவையில்லை. சந்தா கட்டுபவர் சராசரி இந்தியர் அல்லர். கையில் ஸ்மார்ட்போனும் வங்கிக் கணக்கும் உள்ள இந்தியர்.

அப்படியானால் ஸ்பாட்டிஃபை ஏன் 21க்கும் கீழே இறங்கி 12க்குப் போனது? இரக்கத்தால் அல்ல. ஆப்பிள் மியூசிக் 2015இலேயே இங்கே 120 ரூபாய்க்கு வந்துவிட்டது. கானாவும் ஜியோசாவனும் 99 ரூபாய்க்கு விற்றன. யூடியூபில் பாட்டு இலவசம். கடைத்தெருவில் நான்கு கடை இருக்கும்போது ஐந்தாவது கடைக்காரர் உலக வங்கி அறிக்கையைப் பார்த்து விலை எழுதுவதில்லை. பக்கத்துக் கடைப் பலகையைப் பார்த்துத்தான் எழுதுகிறார்.

ஸ்பாட்டிஃபை இன்னொன்றும் செய்தது. ஒரு நாளுக்கு 13 ரூபாய், ஒரு வாரத்துக்கு 39 ரூபாய் என்று சில்லறையாகவும் விற்றது. ஷாம்பூவைப் பாக்கெட்டில் அடைத்து விற்ற கடலூர் சின்னி கிருஷ்ணனை அறிந்த நமக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. மொத்த விலையைக் குறைப்பது ஒரு வழி. ஒரே நேரத்தில் கையிலிருந்து எடுக்கும் தொகையைக் குறைப்பது வேறொரு வழி. மாதச் சம்பளம் இல்லாதவருக்கு இரண்டாவதுதான் பெரிது.

இதில் எனக்கு வேடிக்கையாகத் தோன்றுவது செலவுக் கணக்கு. ஸ்பாட்டிஃபை தன் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை இசை உரிமையாளர்களுக்குக் கொடுக்கிறது. விலையைக் குறைத்தால் அவர்கள் பங்கும் குறையும். அவர்களை இசைய வைக்க வேண்டும். நெட்ஃபிளிக்ஸுக்கு அந்தத் தொல்லை அவ்வளவு இல்லை. தொடரை எடுத்து முடித்த பிறகு இன்னும் ஒரு சந்தாதாரர் பார்ப்பதால் கூடும் செலவு மிகச் சொற்பம். எளிதாக விலை குறைத்திருக்கக்கூடியவர் குறைக்கவில்லை, சிரமப்பட வேண்டியவர் குறைத்தார்.

நெட்ஃபிளிக்ஸ் இறங்கி வர ஆறு ஆண்டுகள் ஆயின. முதலில் 2019 ஜூலையில் கைபேசியில் மட்டும் பார்க்கும் 199 ரூபாய்த் திட்டம் வந்தது. இது விலைக் குறைப்பு மாதிரி தெரிந்தாலும் உண்மையில் வேலி. டி.வி.யில் பார்க்க முடியாது, படத் தரமும் குறைவு. எனவே 799 கட்டிக்கொண்டிருந்த குடும்பம் 199க்கு இறங்காது. நிஜமான குறைப்பு 2021 டிசம்பரில் வந்தது. 499 ரூபாயாக இருந்த அடிப்படைத் திட்டம் 199 ஆனது. அப்போது அமெரிக்காவில் அதன் விலை 8.99 டாலர். வகுத்தால் 22. உலக வங்கி எண்ணுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஆனால் அதே நாளில் 499 ஆகவும் 649 ஆகவும் குறைந்த மேல் திட்டங்களை வகுத்துப் பாருங்கள்: இரண்டும் 36 அளவில் நிற்கின்றன. ஒரே நாட்டுக்குள்ளும் ஒரே விகிதம் இல்லை. பெரிய டி.வி.யில் உயர்தரப் படம் பார்ப்பவரின் வாங்கும் திறன் வேறு என்று நிறுவனத்துக்குத் தெரிந்திருக்கிறது. (இந்திய விலையில் 18 சதவீத ஜி.எஸ்.டி. அடக்கம், 199இல் 30 ரூபாய் அரசுக்குப் போகிறது. அமெரிக்க விலைக்கு வரி தனி. வரியைக் கழித்தால் இந்த எண்கள் இன்னும் கொஞ்சம் இறங்கும்.)

499 ரூபாயை 199 ஆக்கினால், அதே வருமானம் வர இரண்டரை மடங்கு ஆட்கள் வேண்டும். பலன் என்ன என்பதை நிறுவனமே 2023இல் பங்குதாரர்களுக்கு எழுதியது: நாணய மாற்றத்தின் பாதிப்பை நீக்கிப் பார்த்தால், இந்திய வருவாய் வளர்ச்சி 2021இல் 19 சதவீதமாக இருந்தது 2022இல் 24 ஆகியது. இதில் விலைக்கு எவ்வளவு பங்கு, அந்த ஆண்டு வெளியான படங்களுக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க முடியாது. ஆனாலும் வருவாய் சரியவில்லை.

பார்த்து வைத்த விலைக்கும் ஒரு நோய் உண்டு: கசிவு. கணினி விளையாட்டுகள் விற்கும் ஸ்டீம் தளத்தில் அர்ஜென்டினா, துருக்கி விலைகள் மிகக் குறைவாக இருந்ததால், வேறு நாட்டவர்கள் அந்த நாட்டுக் கணக்குபோல் காட்டி வாங்கினார்கள். பெசோவும் லிராவும் ஓயாமல் சரிந்தன. 2023 நவம்பர் 20 முதல் ஸ்டீம் இரு நாடுகளிலும் உள்ளூர் நாணயத்தைக் கைவிட்டு டாலர் விலைக்கு மாறியது. ஸ்பாட்டிஃபை இந்தக் கசிவைத் தடுக்க, பணம் கட்டும் அட்டை சந்தா எடுக்கும் நாட்டில் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்கிறது. வேலி இல்லாத இடத்தில் மலிவு விலை உள்ளூர்க்காரருக்கு நெடுநாள் நிலைப்பதில்லை.

இரண்டு நிறுவனங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் கணிப்பு இது: ஸ்பாட்டிஃபை முதல் நாளே சரியாகப் பார்த்தது. நெட்ஃபிளிக்ஸ் அடிப்படைத் திட்டத்தில் ஆறாவது ஆண்டில் சரியான இடத்துக்கு வந்தது. வந்த பிறகு அதை மற்ற நாடுகளுக்கும் கொண்டுபோனது. 2023இன் முதல் மூன்று மாதங்களில் 116 நாடுகளில் விலையைக் குறைத்தது.